முதல் சம்பளம் 25,000 ரூபாய்... நாலு டப்பாவில் பிரிச்சுப் போடும் கணக்கு!

ஆஃபர் லெட்டரில் 'ஆண்டுக்கு 3.6 லட்சம்' என்று போட்டிருக்கும். மனசு உடனே அதை 12-ஆல் வகுத்து, 'மாசம் 30,000' என்று முடிவு பண்ணிவிடும். அந்த 30,000-ஐ நம்பி ரூம் பார்த்து, பைக்குக்கு இ.எம்.ஐ விசாரிச்சு, தங்கச்சிக்கு போன் வாங்கித் தர்றதா வாக்கும் கொடுத்திருப்போம். முதல் மாசம் பேங்கில் இருந்து வரும் எஸ்.எம்.எஸ்-ஸில் 25,000 சொச்சம்தான் இருக்கும். பல பேருடைய கணக்கு இடிக்க ஆரம்பிப்பது இங்கேதான்.

அந்த 5,000 எங்கே போச்சு என்பதில் இருந்தே தொடங்கலாம். ஏன்னா, அதில் ஒரு பகுதி உங்கள் சேமிப்புதான்.

சம்பளச் சீட்டைப் படிங்க

சி.டி.சி என்பது கம்பெனிக்கு உங்களால் ஆகும் மொத்தச் செலவு. கைக்கு வரும் பணம் அது இல்லை. ஒரு உதாரணம் பார்ப்போம். விருதுநகரில் இருந்து சென்னைக்கு வந்து, ஓ.எம்.ஆரில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் 22 வயசுப் பெண். சி.டி.சி மாசம் 30,000. அதில் அடிப்படைச் சம்பளம் 15,000.

இந்த 15,000-க்கு 12%, அதாவது 1,800 ரூபாயை கம்பெனி தன் பங்கு பி.எஃப்-ஆகக் கட்டுகிறது. பல கம்பெனிகள் இதையும் சி.டி.சி-க்குள்ளேயே சேர்த்துக் காட்டும். பணிக்கொடைக்காக சுமார் 720 ரூபாயும் அதே கணக்கில் இருக்கும். பிறகு அவருடைய பங்கு பி.எஃப் இன்னொரு 1,800. கடைசியாகத் தொழில் வரி, கம்பெனி மெடிக்கல் இன்ஷூரன்ஸுக்கு ஒரு சிறு தொகை. எல்லாம் போக கையில் சுமார் 25,000.

இதில் கவனிக்க வேண்டியது பி.எஃப். அவர் கட்டும் 1,800 முழுசா பி.எஃப் கணக்குக்குப் போகும். கம்பெனி கட்டும் 1,800-ல் 1,250 ரூபாய் பென்ஷன் திட்டத்துக்கும், மீதி 550 பி.எஃப் கணக்குக்கும் போகும். ஆக, மாசம் 2,350 ரூபாய், வருஷத்துக்கு 28,200 ரூபாய், அவர் எதுவுமே செய்யாமல் சேருகிறது. 2024-25ஆம் ஆண்டுக்கு இதற்குக் கிடைத்த வட்டி 8.25%. சாதாரண சேவிங்ஸ் கணக்கு இதன் பக்கத்தில்கூட வராது.

அதனால், 'நான் இன்னும் சேமிக்கவே ஆரம்பிக்கலை' என்று நினைக்க வேண்டாம். நீண்டகாலச் சேமிப்பு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. வேலை மாறும்போது அதை எடுத்துச் செலவு பண்ணாமல், அதே யு.ஏ.என் எண்ணில் புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொண்டாலே போதும். முதல் வேலையை விட்டதும் 50,000, 60,000 கையில் வருதே என்று எடுத்துவிடுபவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

இனி, கையில் இருக்கும் 25,000-ஐப் பிரிப்போம்.

50:30:20-ல் இல்லாத ஒரு டப்பா

சம்பளத்தைப் பிரிப்பது என்றதும் எல்லா ரீல்ஸிலும் ஒரு சூத்திரம் வரும். தேவைக்கு 50%, ஆசைக்கு 30%, சேமிப்புக்கு 20%. அமெரிக்காவில் எலிசபெத் வாரனும் அவர் மகளும் 2005-ல் எழுதிய ஒரு புத்தகத்தின் மூலம் பிரபலமான கணக்கு இது. பின்னாளில் செனட்டர் ஆனாரே, அதே வாரன்தான்.

கணக்கு தப்பில்லை. ஆனா, அது நம்ம வீட்டைப் பார்த்துப் போட்ட கணக்கு இல்லை. வீட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு அதில் இடமே கிடையாது. நம்ம ஊரில் முதல் சம்பளம் வாங்கும் பலருக்கும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அனுப்பும் தொகை மாசாமாசம் உண்டு. அதற்குத் தனி இடம் ஒதுக்காததால் என்ன ஆகிறது? ஒரு மாசம் 3,000 அனுப்புகிறோம். அடுத்த மாசம் 'கேஸ் தீர்ந்துடுச்சுப்பா' என்றதும் இன்னொரு 2,000 போகிறது. அதற்கடுத்த மாசம் யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு மொய். இந்தப் பணமெல்லாம் சேமிப்பில் இருந்துதான் போகும்.

அதனால் நமக்கு நாலு டப்பா வேண்டும். விருதுநகர் பெண்ணின் 25,000 இப்படிப் பிரியும்:

- தேவை: 12,000
- வீடு: 4,000
- நாளைக்கு: 5,000
- என் இஷ்டம்: 4,000

தேவை டப்பாவில், சாப்பாட்டோடு சேர்த்து ஷேரிங் பி.ஜி 8,000. ஆபீஸ் நாட்களில் மதியம் வெளியே சாப்பிடுவதற்கும் டீக்கும் 1,500. போக்குவரத்துக்கு 1,200. ரீசார்ஜ், சோப்பு, மருந்து போன்றவற்றுக்கு 1,300. கல்விக்கடன் இருந்தால் அதன் தவணையும் இந்த டப்பாவில்தான் வர வேண்டும். மற்ற மூன்றில் இருந்தும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்து அதற்கு இடம் பண்ண வேண்டியிருக்கும்.

வீடு டப்பாவுக்கு ஒரு வழிமுறை உண்டு. தொகையை வீட்டில் பேசி முடிவு பண்ணுங்க. 'அம்மா, மாசம் 2-ஆம் தேதி 4,000 வந்துடும். ஆஸ்பத்திரி மாதிரி அவசரம்னா சொல்லுங்க, அதுக்குத் தனியா சேர்த்துட்டு இருக்கேன்' என்று சொன்னால், பெரும்பாலான அம்மாக்கள் அந்த 4,000-க்குள் திட்டம் போட்டுவிடுவார்கள். என்றைக்கு வரும், எவ்வளவு வரும் என்று தெரியாதபோதுதான் அடிக்கடி கேட்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு 8,000 தேவைப்படுகிறது என்றால் அனுப்பத்தான் வேண்டும். அப்போது இஷ்டம் 2,000-மாகவும் நாளைக்கு 3,000-மாகவும் குறையும். தொகை சின்னதானாலும் நாளைக்கு டப்பா காலியாகக் கூடாது.

20-ஆம் தேதி மிஞ்சுவதைச் சேமிக்க முடியாது

பிரிப்பது பேப்பரில் இருந்தால் பிரயோஜனம் இல்லை. ஒரே அக்கவுன்ட்டில் 25,000 இருந்து, அதோடு யு.பி.ஐ-யும் இணைந்திருந்தால், நம் கண்ணுக்கு எப்போதும் மொத்தத் தொகைதான் தெரியும். 10-ஆம் தேதி 14,000 இருக்கும்போது 1,200 ரூபாய் ஷூ சின்ன விஷயமாகத்தான் தோன்றும். அந்த 14,000-ல் 5,000 சேமிப்பு என்பதை எந்த ஆப்பும் சொல்லாது.

இதற்கு ரெண்டு அக்கவுன்ட் போதும். ஒன்று சம்பளம் வரும் கணக்கு. இன்னொன்று, காலேஜில் ஸ்காலர்ஷிப்புக்காக ஆரம்பித்துவிட்டு மறந்துபோன பழைய சேவிங்ஸ் கணக்காகக்கூட இருக்கலாம். யு.பி.ஐ-யை இந்த ரெண்டாவது கணக்கோடு மட்டும் இணையுங்கள். அது குறைந்தபட்ச இருப்பு கேட்கும் கணக்கா என்பதை மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் 1-ஆம் தேதி வருகிறது என்றால், 2-ஆம் தேதி வீட்டுக்குப் போக வேண்டியது போகட்டும். 3-ஆம் தேதி ஆர்.டி, எஸ்.ஐ.பி பிடித்தம் தானாக நடக்கட்டும். பி.ஜி வாடகையும் அதே வாரத்தில் முடியட்டும். எஸ்.ஐ.பி தேதியை 25, 28 என்று வைப்பது பலர் செய்யும் தப்பு. அன்றைக்குக் கணக்கில் பணம் இருக்காது. பிடித்தம் திரும்பிப் போகும். அதற்கு பேங்க் தனியாக அபராதம் போடும். 500 ரூபாய் எஸ்.ஐ.பி-க்கு அபராதமே நூற்றுக்கணக்கில் வந்தால், சேமிக்கிற ஆசையே விட்டுப்போகும்.

இஷ்டப் பணம் 4,000-ல், ஊருக்குப் போகும் டிக்கெட்டுக்கும் தீபாவளித் துணிக்கும் மாசம் 1,200 தனியாக இருக்கட்டும். மீதி 2,800-ஐ 1, 8, 15, 22 ஆகிய தேதிகளில் 700, 700-ஆக ரெண்டாவது கணக்குக்கு மாற்றுங்கள். பிரியாணியோ, சினிமாவோ, ஆன்லைனில் டாப்ஸோ, அந்த 700-க்கு யாரும் கணக்குக் கேட்க வேண்டியதில்லை. நீங்களும் உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டாம். ஒரு வாரம் தீர்ந்துபோனால் பாதிப்பு அந்த வாரத்தோடு முடியும். மாசம் முழுக்க இழுக்காது.

5,000-ல் எது முதலில்?

முதலீடு என்றதும் ஷேர் மார்க்கெட் ஆப்பைத்தான் பலரும் முதலில் டவுன்லோட் பண்ணுவார்கள். ஆனா, முதல் வருஷத்தில் அந்த 5,000-ல் பெரும்பகுதி போக வேண்டிய இடம், கேட்கவே சுவாரஸ்யம் இல்லாத பேங்க் ஆர்.டி-தான்.

காரணம் இதுதான். வேலை போனாலோ, உடம்பு முடியாமல் போனாலோ, சம்பளம் தள்ளிப்போனாலோ, தேவை 12,000-மும் வீடு 4,000-மும் நிற்காது. அதாவது, மாசம் 16,000. மூணு மாசத்துக்கு 48,000. இதுதான் அவசர நிதியின் முதல் இலக்கு. 5,000-ல் 4,500-ஐ ஆர்.டி-யில் போட்டால், 11 மாசத்தில் 49,500 ரூபாயும் கொஞ்சம் வட்டியும் சேர்ந்துவிடும். மீதி 500 ரூபாய்க்கு ஒரு எஸ்.ஐ.பி ஆரம்பிக்கலாம். அதில் பெருசா எதுவும் சேராது. ஏற்ற இறக்கத்தைப் பார்த்துப் பழகுவதற்கான ஃபீஸ் அது.

'அந்த 4,500-ஐயும் மியூச்சுவல் ஃபண்டில் போட்டால் கூட வருமே' என்று கேட்கத் தோன்றும். 2020-ஐ நினைத்துப் பாருங்கள். ஜனவரி உச்சத்தில் இருந்து மார்ச் 23-க்குள் நிஃப்டி 50 சுமார் 38% விழுந்தது. 50,000 வைத்திருந்தவருக்கு அது 31,000 ஆகியிருக்கும். அதே வாரம்தான் ஊரடங்கு வந்தது. தொடர்ந்து பல கம்பெனிகள் சம்பளத்தை வெட்டின, ஆட்களைக் குறைத்தன. அந்த நவம்பரிலேயே நிஃப்டி பழைய உச்சத்தைத் தொட்டுவிட்டது. ஆனா, ஏப்ரலில் வாடகை கட்ட வேண்டியிருந்தவரால் நவம்பர் வரை காத்திருக்க முடியாது. மார்க்கெட் விழுவதும் வேலை போவதும் ஒரே நேரத்தில் நடக்கலாம். அதனால்தான் அவசரப் பணத்தை அங்கே வைக்கக் கூடாது.

போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி-யை அப்பா சிபாரிசு செய்வார். நல்ல திட்டம்தான். ஆனா, அது 5 வருஷக் கணக்கு. அவசரத்துக்கு உடனே உடைக்க முடியாது. பேங்க் ஆர்.டி-யை கொஞ்சம் வட்டிக் குறைவோடு எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம். அம்மா நகைச் சீட்டு போடச் சொல்வார். நகை வாங்கும் எண்ணம் இருந்தால் போடலாம். ஆனா, கடையில் அது நகையாகத்தான் திரும்ப வரும், பணமாக வராது. ஆஸ்பத்திரி பில்லுக்கு அது உதவாது.

பன்னிரண்டாவது மாசத்தில் இருந்து...

48,000 சேர்ந்ததும் அதை ஒரு எஃப்.டி-யாகப் போட்டுவிடுங்கள். இனி அதே 5,000-ஐ வேறு மாதிரி பிரிக்கலாம். எப்போது தேவைப்படும் என்ற கேள்விதான் எங்கே போடுவது என்பதை முடிவு பண்ணும். மூணு வருஷத்துக்குள் பைக் வாங்கவோ, ஒரு கோர்ஸ் படிக்கவோ வேண்டிய பணம் ஆர்.டி-யில் 1,500. ஏழு, பத்து வருஷத்துக்குத் தொட வேண்டாத பணம் 3,500. அதற்கு நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்.ஐ.பி.

இண்டெக்ஸ் ஃபண்ட் என்றால், நாட்டின் 50 பெரிய கம்பெனிகளின் பங்குகளை நிஃப்டியில் உள்ள அதே விகிதத்தில் வாங்கி வைத்திருக்கும் ஃபண்ட். எந்தப் பங்கு ஏறும் என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஃபண்டைத் தேர்ந்தெடுக்கும்போது 'டைரக்ட்', 'ரெகுலர்' என்று ரெண்டு வகை காட்டும. ரெகுலரில் விற்றுக் கொடுப்பவருக்கான கமிஷன் வருஷா வருஷம் உங்கள் பணத்தில் இருந்து போகும். நீங்களே பார்த்து வாங்குவதாக இருந்தால் டைரக்ட் போதும்.

மாசம் 3,500 வீதம் பத்து வருஷத்தில் நீங்கள் போடுவது 4.2 லட்சம். ஆண்டுக்கு 6.5% வட்டி என்று வைத்துக்கொண்டால் அது சுமார் 5.9 லட்சம் ஆகும். 10% வளர்ச்சி என்றால் 7.1 லட்சம் பக்கம் வரும். இந்த 10% கணக்குக்காகப் போட்டது, யாரும் தரும் உத்தரவாதம் இல்லை. பத்து வருஷத்துக்கு இடையில் இரண்டு மூன்று தடவை கணக்கு சிவப்பில் போகலாம். அவசர நிதி தனியாக இருப்பவர் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பார். இல்லாதவர் அந்த நேரத்தில்தான் விற்க வேண்டிவரும்.

டப்பாவில் ஓட்டை விழும் ரெண்டு இடங்கள்

முதலாவது, கிரெடிட் கார்டில் 'மினிமம் டியூ'. 20,000 ரூபாய் பாக்கி இருக்கிறது. ஸ்டேட்மென்டில் 'குறைந்தபட்சம் 1,000 கட்டினால் போதும்' என்று இருக்கும். கட்டியதும் நிம்மதியாக இருக்கும். மாசத்துக்கு 3.5% வட்டி என்றால், 20,000-க்கு 700 ரூபாய். அதற்கு 18% ஜி.எஸ்.டி 126 ரூபாய். ஆக, நீங்கள் கட்டிய 1,000-ல் 826 ரூபாய் வட்டிக்கும் வரிக்குமே சரி. கடன் குறைந்தது வெறும் 174 ரூபாய். அதோடு, பாக்கி வைத்திருக்கும் வரை புதுசாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. இப்படி ஒரு பாக்கி ஏற்கெனவே இருந்தால், ஆர்.டி, எஸ்.ஐ.பி எல்லாவற்றுக்கும் முன்னால் 5,000-ஐயும் அதில் கட்டி முடியுங்கள். வருஷத்துக்கு 40 சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டிக்கொண்டு 7 சதவீதத்துக்குச் சேமிப்பதில் அர்த்தம் இல்லை.

போனுக்கான 'நோ காஸ்ட் இ.எம்.ஐ'-யும் இந்த வகைதான். 30,000 ரூபாய் போனுக்கு 12 மாசம், மாசம் 2,500. வாங்கலாமா என்று முடிவு பண்ண ஒரே கேள்வி: இஷ்ட டப்பாவில் இருந்து 2,500 எடுத்த பிறகு மிஞ்சும் 1,500-ல், ஊருக்குப் போகும் டிக்கெட்டும் சேர்த்து, ஒரு வருஷம் ஓட்ட முடியுமா? முடியும் என்றால் தாராளமாக வாங்குங்கள். முடியாது என்றால் அந்த இ.எம்.ஐ நாளைக்கு டப்பாவில்தான் கை வைக்கும்.

ரெண்டாவது ஓட்டை, சொந்தக்காரர் ரூபத்தில் வரும். வேலை கிடைத்த செய்தி பரவியதும், ஒரு மாமா வீட்டுக்கு வந்து, 'மாசம் 2,000 கட்டும்மா, இன்ஷூரன்ஸும் ஆச்சு, சேமிப்பும் ஆச்சு, டேக்ஸும் மிச்சம்' என்பார். கடைசி வார்த்தையை முதலில் பாருங்கள். 2025-26 நிதியாண்டில் இருந்து, புதிய வரி முறையில் 12.75 லட்சம் வரை சம்பளம் வாங்குபவருக்கு வருமான வரியே இல்லை. 3.6 லட்சக்காரருக்குப் பழைய முறையிலும் வரி வராது. கட்டாத வரியை எப்படி மிச்சம் பிடிப்பது?

அடுத்தது, இந்த வகை பாலிசிகளில் 15, 20 வருஷம் விடாமல் கட்ட வேண்டும். நடுவில் சீக்கிரமே நிறுத்தினால் கட்டியது முழுசா திரும்ப வராது. 22 வயசில் 20 வருஷத்துக்கு வாக்குக் கொடுப்பது கஷ்டம். மாமா மனசு நோகக் கூடாதென்று ஏற்கெனவே கையெழுத்து போட்டாச்சா? பாலிசி ஆவணம் கைக்கு வந்ததில் இருந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். சிறு கழிவு போகப் பணம் திரும்ப வரும். வீட்டில் உங்கள் வருமானத்தை நம்பித்தான் சாப்பாடு என்றால், ஆயுள் காப்பீடு அவசியம். அதற்கு டெர்ம் பாலிசி கேளுங்கள். அதில் உயிரோடு இருந்தால் பணம் எதுவும் திரும்ப வராது. அதனால்தான் குறைந்த பிரீமியத்தில் பெரிய தொகைக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது.

கணக்கு சரியா ஓடுதா?

மூணு மாசம் கழித்து ரெண்டு விஷயங்களை மட்டும் பாருங்கள். ஆர்.டி-யை உடைத்தீர்களா? 25-ஆம் தேதிக்குப் பிறகு நண்பரிடம் கைமாத்து வாங்கினீர்களா? ரெண்டுக்கும் 'ஆமா' என்றால் நீங்கள் பொறுப்பில்லாதவர் என்று அர்த்தம் இல்லை. தேவை டப்பாவுக்கு 12,000 போதவில்லை என்பதுதான் அர்த்தம். அதை 13,000 ஆக்குங்கள், நாளைக்கு டப்பாவை 4,000 ஆக்குங்கள். மாசாமாசம் 5,000 போட்டு மாசாமாசம் உடைப்பதைவிட, உடையாத 4,000 மேல்.

சொந்த ஊரிலேயே, பெற்றோரோடு இருந்து 18,000 சம்பளம் வாங்குபவருக்கு விகிதமே மாறும். வாடகை இல்லை, சாப்பாடு வீட்டில். தேவை 4,000, வீடு 4,000, இஷ்டம் 3,000 போனால், நாளைக்கு 7,000 மிஞ்சும். சென்னையில் 25,000 வாங்குபவரைவிட இவர்தான் அதிகம் சேர்ப்பார். ஒரு வேலையை விட்டு இன்னொரு ஊருக்குப் போகலாமா என்று யோசிக்கும்போது, ரெண்டு சம்பளத்தை ஒப்பிடாமல் ரெண்டு நாளைக்கு டப்பாவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசியாக, முதல் இன்க்ரிமென்ட். 2,500 கூடினால், அது கையில் வருவதற்கு முன்பே ஆர்.டி-யையோ எஸ்.ஐ.பி-யையோ 1,250 ஏற்றிவிடுங்கள். மீதி 1,250-ஐ வீட்டுக்கும் இஷ்டத்துக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். புதுச் சம்பளத்துக்கு ஒரு மாசம் பழகிவிட்டால், அந்த 1,250-ஐ எடுத்து வைப்பது கஷ்டம். இன்க்ரிமென்ட் லெட்டர் வந்த அன்றைக்கே மாற்றிவிட்டால், அது போனதே தெரியாது.